வாடிக்கையாளர் கருத்தாய்வு அழைப்பு

வாடிக்கையாளர் கருத்தாய்வு அழைப்பு என்பது, பொருள் வாங்கியவரிடம் சில கேள்விகளுக்குப் பதில் கோரி நிறுவனம் அனுப்பும் மடல் அல்லது குறுஞ்செய்தி ஆகும். பதில்களைக் கொண்டு எந்த முடிவை எடுக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்த பிறகே கேள்விகளை எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இட்லி மாவு விற்கும் ஒரு கடையில் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வாங்குவதை நிறுத்திவிட்டனர் எனக் கொள்வோம். "எங்கள் மாவின் சுவையும் விலையும் பிடித்துள்ளனவா?" என்ற கேள்வி இங்கே பயன்படாது. இரண்டு செய்திகளை ஒன்றாகக் கேட்பதால், "இல்லை" என்ற பதில் சுவையைக் குறிக்கிறதா, விலையைக் குறிக்கிறதா எனத் தெரியாது. மாறாக, "கடைசியாக மாவை எங்கே வாங்கினீர்கள்? அங்கே வாங்கியதற்கு முதன்மைக் காரணம் என்ன?" என்று நடந்ததைக் கேட்கலாம். புளிப்பு, விலை, கடை நேரம் ஆகியவற்றுள் எதை மாற்றுவது என்பதை அப்பதில்கள் காட்டும்.

அழைப்பு இவ்வாறு அமையலாம்:

"வணக்கம். இரண்டு மாதங்களாக நீங்கள் எங்களிடம் மாவு வாங்கவில்லை. காரணத்தைச் சொன்னால் குறையைச் சரிசெய்ய உதவியாக இருக்கும். மூன்றே கேள்விகள்; இரண்டு நிமிடம் போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம்."

தம்மிடம் ஏன் கேட்கிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்பவை தெரிவதால் பெறுபவர் பதிலளிக்க முன்வருவார். சொன்ன நேரம் உண்மையாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பத்தாக நீண்டால் பலர் பாதியில் விலகுவர்.

200 பேரில் 30 பேர் மட்டும் பதிலளித்தால், அது அனைவரின் கருத்தாகாது. மிகுந்த மனக்குறை உள்ளவர்களே முந்திக்கொண்டு எழுதியிருக்கலாம். எனவே ஒருமுறை நினைவூட்டி, பிந்தி வந்த பதில்களை முந்தியவற்றோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரிதும் வேறுபட்டால், முடிவெடுக்கும் முன் பதிலளிக்காத சிலரிடம் நேரில் கேட்பது நல்லது.