மாதத் தவணையில் காப்பீட்டு பிரீமியம்: 5% கூடுதல் கட்டணம் 11% வட்டியாக மாறுவது எப்படி?

புதுடெல்லி: காப்பீட்டு பாலிசி எடுப்பவர்களிடம் நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, பிரீமியத்தை ஆண்டுக்கு ஒருமுறை செலுத்துகிறீர்களா, மாதந்தோறும் செலுத்துகிறீர்களா என்பதாகும். மாதத் தவணையைத் தேர்வு செய்தால், பெரும்பாலான பாலிசிகளில் ஆண்டு பிரீமியத்தைவிடச் சற்றுக் கூடுதலான தொகை வசூலிக்கப்படுகிறது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கூடுதல் கட்டணத்தை ஆண்டு வட்டியாக மாற்றிக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ இரு மடங்குக்கும் மேலாக உயர்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு டேர்ம் பாலிசியின் ஆண்டு பிரீமியம் ரூ.24,000 என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணைக்கு 0.0875 என்ற விகிதத்தை நிறுவனம் பயன்படுத்துகிறது. ரூ.24,000-ஐ இந்த எண்ணால் பெருக்கினால் மாதத் தவணை ரூ.2,100 ஆகும். ஆண்டு முழுவதும் செலுத்தப்படும் தொகை ரூ.25,200. அதாவது கூடுதல் கட்டணம் ரூ.1,200, ஆண்டு பிரீமியத்தில் இது 5 சதவீதம்.

5 சதவீதம் ஏன் உண்மையான செலவு அல்ல?

மாதத் தவணை என்பது, நடைமுறையில், நிறுவனம் பாலிசிதாரருக்கு அளிக்கும் கடனைப் போன்றது. ஆண்டு தொடக்கத்திலேயே பெற வேண்டிய தொகையை அது சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்கிறது. ஆனால், இந்தக் கடன் ஆண்டு முழுவதும் ரூ.24,000 ஆக நீடிப்பதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

ரூ.2,100 தவணையில் ரூ.2,000 அசல் பிரீமியம் என்றும், ரூ.100 கூடுதல் கட்டணம் என்றும் பிரித்துக்கொள்ளலாம். முதல் தவணையை முதல் நாளிலேயே செலுத்திவிடுவதால், முதல் மாதத்தில் நிலுவையில் இருப்பது ரூ.22,000 மட்டுமே. இரண்டாவது மாதத்தில் அது ரூ.20,000 ஆகவும், மூன்றாவது மாதத்தில் ரூ.18,000 ஆகவும் குறைகிறது. பதினொன்றாவது மாதத்தில் ரூ.2,000 மட்டுமே மிஞ்சும். பன்னிரண்டாவது மாதத்தில் நிலுவை எதுவும் இல்லை.

இந்த 12 மாத நிலுவைகளைக் கூட்டினால் ரூ.1,32,000 வரும். அதை 12-ஆல் வகுத்தால், ஆண்டின் சராசரி நிலுவை ரூ.11,000. ஆக, பாலிசிதாரர் சராசரியாக ரூ.11,000-ஐக் கையில் வைத்திருப்பதற்காகவே ரூ.1,200 செலுத்துகிறார். இது ஆண்டுக்கு 10.9 சதவீத வட்டிக்குச் சமம்.

துல்லியமான விடை தேவைப்படுவோர் எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸில் கீழ்க்காணும் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். இறுதியில் உள்ள 1 என்ற எண், தவணை மாதத் தொடக்கத்திலேயே செலுத்தப்படுவதைக் குறிக்கிறது.

```
=RATE(12,-2100,24000,0,1)*12
```

இதன் விடை 0.108, அதாவது 10.8 சதவீதம். மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டால் இது சுமார் 11.4 சதவீதமாகும்.

எளிதில் நினைவில் கொள்ளும் வழி

கூடுதல் கட்டணச் சதவீதத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கினாலே தோராயமான ஆண்டு வட்டி கிடைத்துவிடும். மாதத் தவணைக்கு அந்த எண் 2.18, காலாண்டுத் தவணைக்கு 2.67, அரையாண்டுத் தவணைக்கு 4. அரையாண்டு முறையில் பாதித் தொகையை முதல் நாளிலேயே செலுத்திவிடுவதாலும், மீதிப் பாதி ஆறு மாதங்களுக்கு மட்டுமே நிலுவையில் இருப்பதாலும் பெருக்கும் எண் பெரிதாகிறது.

இதன்படி, அரையாண்டு முறையில் 2 சதவீதக் கூடுதல் கட்டணம் என்பது 8 சதவீத வட்டிக்குச் சமம். மாதத் தவணையில் 3 சதவீதம் எனில் வட்டி 6.5 சதவீதம், 8 சதவீதம் எனில் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

எல்லா பாலிசிகளிலும் மாதத் தவணை விலை உயர்ந்ததாக இருப்பதில்லை. எல்.ஐ.சி.யின் பல சேமிப்புக் காப்பீட்டுத் திட்டங்களில், ஆண்டு முறையில் செலுத்துவோருக்கு அட்டவணைப் பிரீமியத்தில் 2 சதவீதமும், அரையாண்டு முறையில் செலுத்துவோருக்கு 1 சதவீதமும் தள்ளுபடி அளிக்கப்படுகிறது. மாதத் தவணைக்குத் தள்ளுபடி இல்லை. இந்த 2 சதவீத வேறுபாட்டை வட்டியாக மாற்றினால் சுமார் 4.5 சதவீதம் மட்டுமே. அதைவிடக் கூடுதல் வட்டி தரும் வங்கி வைப்பில் பணத்தை வைத்திருப்பவருக்கு, மாதத் தவணையால் இழப்பு ஏதும் இல்லை.

கணக்கிடும்போது நேரும் பிழைகள்

மாதத் தவணையை 12-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஆண்டு பிரீமியத்தைக் கழித்தால் கூடுதல் கட்டணம் தெரியும். ஆனால், இரு தொகைகளும் ஒரே காப்பீட்டுத் தொகைக்கும் ஒரே கூடுதல் பலன்களுக்கும் உரியவையா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் முதல் ஆண்டுக்கு மட்டும் தள்ளுபடி அளிக்கின்றன. அத்தகைய பாலிசிகளில் இரண்டாம் ஆண்டுப் பிரீமியத்தைக் கொண்டு ஒப்பிடுவதே சரியானது.

தனிநபர் ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அதற்கு முன், டேர்ம் பாலிசியில் தவணைக் கூடுதல் கட்டணத்தின் மீதும் 18 சதவீத வரி விதிக்கப்பட்டது. எனவே பழைய ரசீதையும் புதிய ரசீதையும் கலந்து ஒப்பிட்டால் விடை தவறாகிவிடும்.

வட்டியைத் தவிர கவனிக்க வேண்டியவை

ஆயுள் காப்பீட்டில் ஆண்டு முறையில் செலுத்துவோருக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள்கள் மட்டுமே. வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லாமல் தானியங்கிப் பற்று நிராகரிக்கப்பட்டு, அது கவனிக்கப்படாமலும் போனால், பாலிசி காலாவதியாகும் வாய்ப்பு ஆண்டுக்கு 12 முறை ஏற்படுகிறது.

மருத்துவக் காப்பீட்டில் மற்றொரு நிபந்தனையும் உள்ளது. தவணை முறையில் இருக்கும்போது இழப்பீடு கோரினால், அந்த ஆண்டின் எஞ்சிய தவணைகள் அனைத்தும் உடனடியாகச் செலுத்தத்தக்கவையாகின்றன. வழங்கப்படும் தொகையிலிருந்து அவற்றைப் பிடித்தம் செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டு மருத்துவ பாலிசியாக இருந்து, மூன்று தவணைகள் மட்டுமே செலுத்திய நிலையில் இழப்பீடு கோரப்பட்டால், மீதமுள்ள ஒன்பது தவணைகளுக்கான ரூ.18,900 கழிக்கப்படலாம்.

யாருக்கு எது பொருந்தும்?

ரூ.24,000-ஐ 7 சதவீத வைப்பில் வைத்துக்கொண்டு மாதத் தவணை செலுத்துபவர், சராசரி நிலுவையான ரூ.11,000-க்கு ஈட்டும் வட்டி சுமார் ரூ.770. அவர் செலுத்தும் கூடுதல் கட்டணமோ ரூ.1,200. எனவே அவருக்கு ஆண்டு முறையே லாபகரமானது. கையில் பணம் இல்லாமல், ஆண்டு பிரீமியத்தைக் கிரெடிட் கார்டில் செலுத்தி நிலுவையாக விட்டுவைப்பவருக்கு நிலைமை நேர்மாறானது. கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீத அளவில் வட்டி வசூலிக்கப்படும் நிலையில், 11 சதவீத மாதத் தவணை அவருக்கு மலிவானது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உள்ளது. முதல் ஆண்டுப் பிரீமியத்தை மட்டும் மொத்தமாகச் செலுத்திவிட்டு, அடுத்த ஆண்டுக்காக வங்கியில் மாதம் ரூ.2,000 வீதம் தொடர் வைப்பு தொடங்கலாம். 6.5 சதவீத வட்டியில் 12 மாத முடிவில் அது சுமார் ரூ.24,850 ஆகும். மாதந்தோறும் சேமிக்கும் பழக்கம் தொடர்வதுடன், ரூ.1,200 கூடுதல் கட்டணமும் மிச்சமாகிறது. அதற்கு மேல் ரூ.850 அளவுக்கு வட்டியும் கிடைக்கிறது.