சராசரி மறைக்கும் தாமதம்

நூறு கோரிக்கைகளில் 90-க்கு சர்வர் 0.2 நொடியில் பதில் தருகிறது. மீதி 10-க்கு 4 நொடி ஆகிறது. சராசரியோ 0.58 நொடிதான். அதனால்தான் கிராஃபானா பேனலில் 95-வது சதமானத்தை வரைகிறார்கள். அது 4 நொடியைக் காட்டிவிடும்.

பேனலில் 1 நொடிக்கு நேராகப் போடும் சிவப்புக் கோடு கண்ணுக்கு மட்டுமே. எச்சரிக்கை வர, தனியாக அலர்ட் விதி எழுத வேண்டும். அதில் `Pending period` 5 நிமிடம் என்று வைத்தால், நொடிநேர ஏற்றத்துக்கெல்லாம் நள்ளிரவில் போன் அடிக்காது.

30 நாள் வரைபடத்தை ஒரே திரையில் விரித்தால் புள்ளிகளுக்கு இடைவெளி கூடி, பத்து நிமிடத் தாமதம் கண்ணில் படாமலே போகலாம். இன்றைய சிக்கலைத் தேட கடைசி 6 மணி நேரத்தைப் பாருங்கள். மாத வரைபடம் போக்கை அறிய மட்டும்.