பாஸ்வேர்டு சரி, பூட்டு திறக்கவில்லை

எங்கள் அலுவலகத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, வேறு வேலை கிடைத்து ஏப்ரல் 30 அன்று விடைபெற்றான். போகிற நாள் சாயங்காலம் ஹேண்ட்ஓவர் மெயில் வந்தது. பொறுப்பான பிள்ளை, எதையும் விடவில்லை. எந்தக் கணக்குக்கு என்ன லாகின், எந்த வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறோம், எதை எப்போது புதுப்பிக்க வேண்டும், வெப்சைட்டில் என்னென்ன பாக்கி என்று வரிசையாக எழுதியிருந்தான். டொமைனுக்கு நேராக இப்படி ஒரு வரி: "ரினிவல் ஜூன் 12. ஆட்டோ ரினிவல் ஆன்ல இருக்கு." அந்த வரியைப் படித்த நிம்மதியில் மெயிலை மூடிவிட்டேன்.

ஜூன் 13 காலையில் எங்கள் முகவரியை அடித்தால் யாரோ போட்ட விளம்பரப் பக்கம் வந்தது. அலுவலக மெயில்களும் நின்றுபோயின.

டொமைனை, அதாவது வெப்சைட்டின் பெயரை, நாம் வாங்குவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது வருடக் குத்தகை. ரிஜிஸ்ட்ரார் எனப்படும் பதிவு நிறுவனத்திடம் பணம் கட்டி, குத்தகையை நீட்டித்துக்கொண்டே போகிறோம். வெப்சைட்டும் மெயிலும் அந்தப் பெயரில்தான் தொங்குகின்றன. பெயர் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சரி, பணம் கட்டிவிடலாம் என்று ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நுழையப் பார்த்தேன். தம்பி கொடுத்த பாஸ்வேர்டு சரியாகவே இருந்தது. ஆனால் புதுக் கம்ப்யூட்டர் என்பதால் மெயிலுக்கு ஒரு ஓடிபி அனுப்புவதாகச் சொன்னது. எந்த மெயிலுக்கு? தம்பியின் அலுவலக மெயிலுக்கு. அவனைக் கூப்பிட்டேன். "சார், அது ஆபீஸ் ஐடிதானே, நான் கிளம்பினதும் நீங்கதான க்ளோஸ் பண்ணீங்க?" என்றான். நியாயம்தான். அந்த ஐடியைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம் என்றால், அதுவும் இதே டொமைனில் இருக்கிற மெயில். டொமைன் நின்றதால் அதற்கு எந்த மெயிலும் வராது. மெயில் வர டொமைன் உயிரோடு வேண்டும், டொமைனுக்கு உயிர் கொடுக்க மெயில் வேண்டும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதை.

ஆட்டோ ரினிவல் என்ன ஆயிற்று? இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி மாறிவிட்டது. ஈ-மேண்டேட் என்ற முன் ஒப்புதலைப் பதிவு செய்யாத கார்டிலிருந்து மாதாமாதமோ வருடாவருடமோ தானாகப் பணம் எடுக்க முடியாது. பதிவு செய்திருந்தாலும், எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே கார்டுக்காரருக்குத் தகவல் வர வேண்டும். எங்கள் கார்டு அதற்கு முன்பே கணக்கில் போட்டு வைத்தது. ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது, கரண்ட்தான் இல்லை. பணம் எடுக்க முடியவில்லை என்ற அறிவிப்பும் மூடிக்கிடந்த அந்த மெயிலுக்கே போயிருக்க வேண்டும். .com போன்ற பெயர்களுக்கு, முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து ஐந்து நாளுக்குள் மறுபடியும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. அத்தனையும் ஆளில்லாத வீட்டுக்குப் போன தபால்.

பெயர் உடனே கைவிட்டுப் போய்விடாது, அது ஒரு ஆறுதல். .com என்றால் முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள் அவகாசம். பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே அப்போது புதுப்பிக்கலாம். எங்கள் கணக்கில் அது ஜூலை 27 வரை. இதில் ஒரு கண்ணி உண்டு. 45 என்பது உச்ச வரம்புதான். பல ரிஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே பெயரை ஏலத்துக்கு விடுவார்கள். அழிக்கப்பட்ட பெயருக்கு இன்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்பார்கள். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அதோடு பெயர் பொதுவில் வந்துவிடும், முதலில் எடுத்தவருக்குச் சொந்தம்.

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய passport.com பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. மைக்கேல் சேனி என்ற அமெரிக்க ப்ரோகிராமர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார். எங்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. ஜி.எஸ்.டி. சான்றிதழ், லெட்டர்பேடில் ஒரு கடிதம், பழைய பில் எல்லாவற்றையும் ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பி நான்கு நாள் காத்திருந்தோம். பில் நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் தப்பித்தோம். வெப்சைட் செய்து கொடுத்த டிசைனர் தன் பெயரிலேயே டொமைனை எடுத்து வைத்திருக்கிற அலுவலகங்கள் எத்தனையோ.

இந்தக் கலவரத்தில் இன்னொன்றும் என்னைக் குழப்பியது. முடிவு நாளைச் சரிபார்க்கலாம் என்று இப்படித் தேடினேன்:

```
whois example.com
```

example.com இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போட வேண்டும். Registry Expiry Date என்ற வரியில் அடுத்த வருடத் தேதி வந்தது. புதுப்பித்தாகிவிட்டதோ என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். காலம் முடிந்ததும் .com பதிவேடு தன்பாட்டில் ஒரு வருடம் கூட்டி எழுதிக்கொள்ளும். நாம் பணம் கட்டினோமா என்று அதற்குத் தெரியாது. கட்டவில்லையென்றால் ரிஜிஸ்ட்ரார் பெயரை அழிக்கும்போது அந்த வருடமும் போகும். நிலை வரியில் autoRenewPeriod என்று இருந்தால், தேதியை நம்பாமல் ரிஜிஸ்ட்ரார் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

இப்போது யாராவது கிளம்பினால் மெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புவதில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கணக்கிலும் நான் என் கம்ப்யூட்டரிலிருந்து நுழைகிறேன். லாகினுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதச் சொல்கிறேன்: ஓடிபி எந்த மெயிலுக்கும் எந்த போனுக்கும் வருகிறது, பணம் எந்தக் கார்டிலிருந்து போகிறது, பில் யார் பெயரில் வருகிறது. பாஸ்வேர்டை மெயிலில் எழுதவே வேண்டாம் என்கிறேன். சிசி போட்ட பத்துப் பேரிடமும் அது காலத்துக்கும் கிடக்கும், எப்படியும் அவர் போன மறுநாள் மாற்றத்தான் போகிறோம். ரிஜிஸ்ட்ரார் கணக்கை மட்டும் எங்கள் டொமைனில் இல்லாத, இரண்டு பேர் பார்க்கிற ஒரு பொது மெயிலுக்கு மாற்றியாயிற்று.

மாற்றும்போதும் ஒரு பள்ளம் உண்டு. டொமைன் உரிமையாளரின் மெயிலை மாற்றினால் புது முகவரிக்கு உறுதிசெய்யச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அமுக்காவிட்டால் ரிஜிஸ்ட்ரார் டொமைனையே நிறுத்திவைக்கலாம். விளம்பர மெயில் மாதிரியே இருப்பதால் பலர் அதை டெலிட் செய்துவிடுகிறார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு தம்பியின் மெயிலைத் திரும்பத் திறந்து, பாக்கி வேலைகளைப் படித்தேன். ஏழாவது வரி: "காண்டாக்ட் ஃபார்ம் மெயில் இப்போ என் ஐடிக்கு வருது, மாத்தணும்." மே முதல் ஜூன் நடுப்பகுதி வரை விலை கேட்டு எழுதியவர்களின் கேள்வியெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. நல்லவேளை, ஃபார்மில் நிரப்புவதை வெப்சைட்டே ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. திறந்து பார்த்தால் முப்பத்தொரு பேர். முதல் ஆளைக் கூப்பிட்டேன். "நாங்க வேற இடத்துல வாங்கிட்டோமே சார்" என்றார்.