துடைத்தால் போகும் கறை எது?

பளபளப்பான கறுப்புப் பொருளைப் படமெடுப்பது எளிதன்று. நேரில் பார்க்கும்போது தூய்மையாகத் தோன்றும் பொருள், கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழுக்காகத் தெரியும். அதிலும், எல்லாருடைய கண்ணும் முதலில் செல்லும் இடமான நிறுவனச் சின்னத்தின்மீது கறை இருந்தால் பொருளே பழுதானது போலத் தோன்றும்.

கிள்ளானில், பழைய ஒலிக்கருவிகளைச் செப்பனிட்டு இணையம்வழி விற்கும் சிறிய கடை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கு ஒரு கறுப்பு ஒலிபெருக்கி விற்பனைக்கு வருகிறது. அதன் முகப்பில், கண்ணாடிபோல் மின்னும் நெகிழித் தகட்டின்மீது வெள்ளி நிற எழுத்துகளால் ஆன சின்னம் உள்ளது. கடை ஊழியர் அதனை மென்மையான துணியால் துடைத்து, மேசைமீது தூக்கி வைத்துப் படமெடுக்கிறார். பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறார். எழுத்துகளைச் சுற்றி வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சின்னத்தின் வலப்பக்கத்தில் ஒரு கைரேகை பதிந்திருக்கிறது. மூன்றாம் எழுத்தின் மேல்பாதியை வெள்ளையான ஓர் ஒளித்திட்டு விழுங்கியிருக்கிறது.

இவை மூன்றும் தோன்றுவதற்குக் காரணங்கள் வேறு வேறு. வழவழப்பான பரப்பு, தன்மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் புகைப்படக் கருவி இருந்தால், விளக்கின் உருவமே வெள்ளைத் திட்டாகப் படத்தில் பதியும். தூசு அப்படியன்று. அது ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். ஆகவே, கறுப்புத் தகட்டில் அது வெண்புள்ளியாகத் தெரிகிறது. நெகிழியைத் துடைக்கும்போது அதில் நிலைமின்னூட்டம் உண்டாவதால், துடைத்த சிறிது நேரத்திலேயே தூசு மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. கைரேகையோ, விரலிலிருந்து ஒட்டிய எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த மெல்லிய படலம். ஒலிபெருக்கியைத் தூக்கி வைத்தபோது அது பதிந்துவிட்டது.

காரணங்கள் வேறாக இருப்பதால் அவற்றை நீக்கும் முறைகளும் வேறுபடுகின்றன. ஊழியர் 'GIMP' என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார். முதலில் அவர் ஒளித்திட்டைக் கவனிக்கிறார்.

சாதாரணமான எண்ணிமப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. 0 என்பது முழுக் கறுப்பு. 255 என்பது முழு வெள்ளை. ஒளித்திட்டின் நடுவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் 255ஐத் தொட்டுவிட்டன. அதாவது, அந்த இடத்தில் எழுத்தைப் பற்றிய தகவல் எதுவுமே பதிவாகவில்லை. அதனை இருட்டாக்கினால் எழுத்து திரும்பி வராது. வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறும், அவ்வளவுதான்.

நல்லவேளையாக, ஊழியர் இரண்டு படங்கள் எடுத்திருந்தார். புகைப்படக் கருவியை முக்காலியில் பொருத்தி, அதனையும் ஒலிபெருக்கியையும் அசைக்காமல், விளக்கை மட்டும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாற்றியிருந்தார். இரண்டாம் படத்தில் ஒளித்திட்டு வேறோர் இடத்தில் இருக்கிறது. மூன்றாம் எழுத்து முழுமையாகத் தெரிகிறது. எனவே, அவர் இரண்டாம் படத்தை முதற்படத்தின்மேல் ஓர் அடுக்காக வைக்கிறார். 'Add Layer Mask' என்னும் கட்டளையின்வழி அந்த அடுக்கு முழுவதையும் கறுப்பு மறைப்பால் மறைக்கிறார். பிறகு, அந்த மறைப்பின்மீது ஒளித்திட்டு உள்ள இடத்தில் மட்டும் விளிம்பு மென்மையான வெள்ளைத் தூரிகையால் தீட்டுகிறார். தீட்டிய இடத்தில் மேலடுக்கு வெளிப்பட்டு, எழுத்து முழுமை பெறுகிறது.

இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. எழுத்துகளின்மீதுள்ள ஒளிர்வு முழுவதையும் நீக்கிவிட்டால், சின்னம் சாதாரணத் தாளில் அச்சிட்டதுபோல் உயிரற்றுப் போகும். பளபளப்பு என்பதே ஒளியின் எதிரொளிப்புதான். ஆகவே, எழுத்தின் வடிவத்தை மறைக்கும் திட்டை மட்டும் நீக்கி, ஓரங்களில் தெரியும் மெல்லிய ஒளிக்கோட்டை அவர் விட்டுவைக்கிறார்.

அடுத்தது கைரேகை. 'New from Visible' என்னும் கட்டளையைக் கொடுத்து, இதுவரை செய்த வேலையை ஒரே அடுக்காக்கிக்கொள்கிறார். எண்ணெய்ப் படலம் மெல்லியது என்பதால் அதன் அடியில் உள்ள தகடு இன்னும் தெரிகிறது; அதன் ஒளியளவு மட்டும் கூடியிருக்கிறது. சுத்தமான கறுப்பின் அளவு 24 என்றால், கைரேகை படிந்த இடத்தின் அளவு 40 அளவில் இருக்கிறது. எனவே, அவர் அந்த அடுக்கிற்கு ஒரு நகல் எடுத்து, 'Curves' கருவியால் அதனை இருட்டாக்குகிறார். பிறகு, முன்போலவே கறுப்பு மறைப்பு இட்டு, கைரேகையின்மேல் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டுகிறார். தூரிகையின் அடர்த்தியை ஏறத்தாழ 20 விழுக்காடாக வைத்துக்கொண்டு பலமுறை தீட்டுவதால், சுற்றியுள்ள கறுப்புடன் அந்த இடம் சிறிது சிறிதாக ஒன்றிவிடுகிறது. ஒரே தடவையில் தீட்டினால் கைரேகை இருந்த இடத்தில் கருந்திட்டு ஒன்று உண்டாகியிருக்கும்.

தூசு கடைசியில்தான் வருகிறது. இரண்டாம் படத்திலிருந்து எடுத்த பகுதியிலும் தூசுப்புள்ளிகள் இருக்கும் என்பதால், அதனை முன்னரே நீக்கினால் அதே வேலையை இருமுறை செய்ய நேரிடும். மீண்டும் அனைத்தையும் ஒரே அடுக்காக்கிய பின், 'Heal' கருவியைப் புள்ளியைவிடச் சற்றே பெரிய அளவில் அமைக்கிறார். 'Ctrl' விசையை அழுத்திக்கொண்டு அருகிலுள்ள சுத்தமான இடத்தைச் சொடுக்கி, பிறகு புள்ளியின்மேல் சொடுக்குகிறார். கருவி சுத்தமான இடத்தை எடுத்து, சுற்றுப்புறத்தின் நிறத்தோடு கலந்து புள்ளியை மூடுகிறது.

ஆனால், எழுத்தின் விளிம்பை ஒட்டியுள்ள புள்ளிகளில் இந்தக் கருவி ஏமாற்றிவிடும். வெள்ளியும் கறுப்பும் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும்; விளிம்பு கலங்கிப் போகும். அத்தகைய இடங்களில், கலக்காமல் அப்படியே படியெடுக்கும் 'Clone' கருவியே ஏற்றது. அதே விளிம்பின் மற்றொரு பகுதியை மாதிரியாக எடுத்துக்கொண்டால் கோடு நேராகவே தொடரும்.

வேலை முடிந்ததும் படத்தை அதன் இயல்பான அளவிலும் பெரிதாக்கியும் பார்க்கிறார். மேலடுக்கை மறைத்தும் காட்டியும் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார். எழுத்துகளின் தடிமனோ இடைவெளியோ சற்றே மாறியிருந்தாலும், அந்தச் சின்னத்தைப் பலமுறை பார்த்தவர் அதனைப் போலி என்று ஐயுறக்கூடும்.

அப்போதுதான் கடைசி எழுத்தின்மேல் மெல்லிய வெண்கோடு ஒன்று அவர் கண்ணில் படுகிறது. அதுவும் தூசுபோலத்தான் தெரிகிறது. 'Heal' கருவியால் ஒருமுறை தீட்டினால் மறைந்துவிடும். ஆனால், அவர் எழுந்து சென்று ஒலிபெருக்கியைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். கோடு போகவில்லை. அது கீறல்.

தூசும் கைரேகையும் துடைத்தால் போய்விடும். ஒளித்திட்டு விளக்கை நகர்த்தினால் போய்விடும். அவை பொருளுக்குச் சொந்தமானவை அல்ல. ஆதலால், அவற்றைப் படத்திலிருந்து நீக்குவதால் வாங்குபவர் ஏமாறுவதில்லை. கீறலோ அந்த ஒலிபெருக்கியோடு அவர் வீட்டிற்கே செல்லும். ஊழியர் அதனை அப்படியே விட்டுவிடுகிறார். படத்தின் கீழே, 'கடைசி எழுத்தில் சிறு கீறல் உண்டு' என்று எழுதிச் சேர்க்கிறார்.