55 அங்குல டிவி நான்கடி மாடத்தில் நுழையுமா?

டிவி அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 43, 55, 65 போன்ற எண்கள் திரையின் அகலத்தையும் சொல்வதில்லை, உயரத்தையும் சொல்வதில்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே போகும் கோட்டின் நீளம் அது. பள்ளிக்கூடக் கணக்கில் மூலைவிட்டம் என்று படித்ததுதான். ஆரம்பகாலப் பிக்சர் டியூபுகளின் முகம் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டம் ஒன்றைச் சொன்னால் போதும். பிறகு டியூப் சதுரமானது, தட்டையானது, கடைசியில் டியூபே காணாமல் போனது. குறுக்காக அளக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அகலத்தை விடப் பெரிய எண் அதில் கிடைக்கிறது என்பதால் விற்பவர்களுக்கும் அதை மாற்ற மனம் வரவில்லை போலும்.

மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் திரையின் வடிவம் தெரியாது. ஒரே மூலைவிட்டத்தில் ஒடுங்கி நீண்ட செவ்வகமும் வரையலாம், ஏறக்குறைய சதுரமும் வரையலாம். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் வேண்டும். இன்று கடைகளில் இருக்கும் டிவிகள் அநேகமாக எல்லாமே 16:9 விகிதத்தில் வருகின்றன. அகலத்தை 16 பங்காகக் கொண்டால் உயரம் அதே அளவில் 9 பங்கு.

இனி பிதாகரஸ் தேற்றம். அகலமும் உயரமும் செங்கோணத்தில் சேர்கின்றன, மூலைவிட்டம் கர்ணம். 16-இன் வர்க்கம் 256, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 337. அதன் வர்க்கமூலம் சுமார் 18.36. மூலைவிட்டத்தில் 18.36 பங்கு இருக்கிறது என்று பொருள். மூலைவிட்டத்தை 18.36-ஆல் வகுத்தால் ஒரு பங்கின் நீளம் வரும். அதை 16-ஆல் பெருக்கினால் அகலம், 9-ஆல் பெருக்கினால் உயரம்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 16-ஐ 18.36-ஆல் வகுத்தால் 0.87, 9-ஐ வகுத்தால் 0.49. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும்:

அகலம் = மூலைவிட்டம் × 0.87
உயரம் = மூலைவிட்டம் × 0.49

உயரம் மூலைவிட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

சிக்கல் கணக்கில் இல்லை, அளவைப் பொருத்திப் பார்க்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஹாலில் டிவிக்கென்று சுவரில் நான்கடி அகல மாடம் விட்டுக் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கடி என்பது 48 அங்குலம். 55 அங்குல டிவியின் திரை அகலம் 55 × 0.8716 = 47.94 அங்குலம். மாடத்தை விட 0.06 அங்குலம் குறைவு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. டிவி வந்து இறங்கினால் மாடத்துக்குள் போகாது.

காரணம், 55 என்பது படம் தெரியும் திரையின் அளவு. திரையைச் சுற்றிச் சட்டம் இருக்கிறது. இப்போதைய டிவிகளில் அது மெலிந்து, பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது. இரு பக்கமும் சேர்த்தால் இரண்டு சென்டிமீட்டர். எதிர்த்திசையில் இன்னொரு சின்ன வேறுபாடும் உண்டு. 55 அங்குலத்தைச் சரியாக மாற்றினால் 139.7 செ.மீ. ஆனால் இந்தியாவில் விற்கும் பெட்டிகளில் 139 செ.மீ. என்றோ 138 செ.மீ. என்றோதான் போட்டிருக்கும். உண்மையான திரை 54.6 அங்குலம் அளவில் இருப்பதையே 55 என்று முழு எண்ணாக்கிச் சொல்கிறார்கள். 43 அங்குல டிவிக்கு 108 செ.மீ. என்று எழுதியிருப்பதும் இப்படித்தான். அதன் திரை 42.5 அங்குலம். ஆகவே கணக்குப் போடும்போது அங்குல எண்ணை விட்டுவிட்டு, செ.மீ. எண்ணை எடுப்பதே நம்பகமானது.

அப்படியே போட்டுப் பார்த்தால், 139-ஐ 18.36-ஆல் வகுக்க ஒரு பங்கு 7.57 செ.மீ. அகலம் 121 செ.மீ., உயரம் 68 செ.மீ. சட்டத்தையும் சேர்த்தால் அகலம் ஏறக்குறைய 123 செ.மீ. மாடமோ 122 செ.மீ.கூட முழுதாக இல்லை. பூச்சு வேலையில் ஓரம் கொஞ்சம் கூடுதலாகப் பூசியிருந்தால் இன்னும் குறையும். அதனால் மாடத்தின் முன்பக்கம், பின்பக்கம், மேலே, கீழே என்று நான்கு இடத்தில் டேப் வைத்து அளந்து, மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாடத்துக்கு எது பொருந்தும் என்று அறிய அதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். காற்றோட்டத்துக்கும் கை விட்டு வயர் செருகவும் பக்கத்துக்கு 5 செ.மீ. விட்டால் 122 செ.மீ.யில் மிஞ்சுவது 112. சட்டத்துக்கு இரண்டைக் கழித்தால் 110. இதை 0.87-ஆல் வகுத்தால் 126 செ.மீ. கடையில் 50 அங்குலம் என்று விற்கும் டிவியின் மூலைவிட்டம் இதுவேதான். உயரத்தைப் பார்க்கும்போது, காலில் நிற்க வைப்பதாக இருந்தால் காலின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நிறுவனம் தரும் விவரப் பட்டியலில் கால் சேர்த்த அளவும் சேர்க்காத அளவும் தனித்தனியாக இருக்கும். சட்டத்தின் அளவையும் அதிலேயே சரிபார்த்துவிடலாம்.

வாங்கிய டிவியில் சொன்ன அளவு இருக்கிறதா என்று சோதிக்கவும் இந்தக் கணக்கு உதவும். சட்டத்தைச் சேர்க்காமல், படம் தெரியும் பகுதியின் அகலத்தை மட்டும் அளந்து 1.147-ஆல் பெருக்கினால் மூலைவிட்டம் வரும். 32 அங்குலம் என்று சொன்ன டிவியின் திரை அகலம் 70 செ.மீ. அளவில் இருந்தால் சரி. 66 தான் இருக்கிறது என்றால் அது 30 அங்குலத் திரை.

பழைய டிவியை மாற்றுபவர்கள் ஏமாறுவது விகிதத்தால். பிக்சர் டியூப் டிவிகளின் விகிதம் 4:3. அங்கே கணக்கு சுலபம்: 3, 4 என்ற பக்கங்களுக்குக் கர்ணம் 5. அகலம் மூலைவிட்டத்தில் 0.8, உயரம் 0.6. அந்தக் காலத்து 21 அங்குல டிவியில் கண்ணாடியின் ஓரம் சட்டத்துக்குள் மறைந்துவிடும். படம் தெரிந்தது 51 செ.மீ. தான். அதன் உயரம் 30.6 செ.மீ. இன்றைய 24 அங்குல டிவியின் மூலைவிட்டம் 61 செ.மீ., உயரம் 29.9 செ.மீ. எண் மூன்று கூடியும் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வளர்ந்தது அகலம் மட்டுமே. புது டிவி சின்னதாகத் தெரிகிறதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

திரையின் வடிவமும் படத்தின் வடிவமும் ஒன்றாக இல்லாவிட்டால், திரை முழுக்கப் படம் வராது. தூர்தர்ஷன் காலத்து 4:3 பதிவை 139 செ.மீ. டிவியில் நீட்டாமல் காட்டினால், 68 செ.மீ. உயரத்துக்கு 91 செ.மீ. அகலமே கிடைக்கும், இரு ஓரமும் 15 செ.மீ. கறுப்பாக நிற்கும். சினிமாஸ்கோப் படத்தின் விகிதம் 2.35:1. 121-ஐ 2.35-ஆல் வகுத்தால் படத்தின் உயரம் 51.5 செ.மீ. தான், மேலும் கீழும் எட்டு எட்டு செ.மீ. கறுப்புப் பட்டை வரும். அதை அகற்ற ரிமோட்டில் ஜூம் அழுத்தினால் பட்டை போய்விடும். கூடவே அகலத்தில் கால் பங்கு படமும் ஓரங்களில் வெட்டுப்பட்டுப் போகும்.