மணி ஒலித்தாலே பாவ்லோவ் ஆகிவிடாது

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்தில், உளவியல் அறிமுகப் பாடத்துக்கு ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். அதில் வந்த ஒரு கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“காரில் ஏறியதும் ‘பீப், பீப்’ என்று ஒலி கேட்கிறது. ஓட்டுநர் இருக்கை வாரை மாட்டியதும் ஒலி நின்றுவிடுகிறது. சில நாள்களில், ஏறிய உடனேயே வாரை மாட்டும் பழக்கம் அவருக்கு வந்துவிடுகிறது. இது எந்த வகைக் கற்றல்?”

நான் யோசிக்கவே இல்லை. ஒலி வருகிறது, பழக்கம் உண்டாகிறது, அப்படியென்றால் பாவ்லோவின் நாய்தான் என்று முடிவு செய்து, ‘கிளாசிக்கல் கண்டிஷனிங்’ என்று எழுதினேன். தவறு. சரியான விடை ‘ஆபரண்ட் கண்டிஷனிங்’. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலவே எழுதியிருந்தார்கள் என்பது மட்டும் சின்ன ஆறுதல்.

தமிழ்ப் பாடநூல்கள் கண்டிஷனிங்கை ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்கின்றன. நம் தேர்வுகளில் ஆங்கிலப் பெயர்களே வருவதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன். இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பிறகு உதவியது. அதைச் சொல்வதற்குமுன், இரண்டு சோதனைகளைப் பார்த்துவிடுவோம்.

நாயும் பூனையும்

இவான் பாவ்லோவ் உளவியலாளர் அல்லர். ரஷ்ய உடலியல் அறிஞர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ல் நோபெல் பரிசு பெற்றவர். நாய்களின் உமிழ்நீரை அளந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். உணவு வாய்க்குள் போவதற்கு முன்பே, உணவு கொண்டுவருபவரைப் பார்த்ததும் நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க, மெட்ரோனோம் போன்ற கருவிகளின் ஒலியை எழுப்பிவிட்டு உடனே உணவு கொடுத்தார். உணவு இயல்பான தூண்டல். அதற்குச் சுரக்கும் உமிழ்நீர் இயல்பான துலங்கல். இதை யாரும் நாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒலி மட்டும் முதலில் உமிழ்நீரை வரவழைக்காத ஒரு நடுநிலைத் தூண்டல். ஒலி, உணவு, ஒலி, உணவு என்று பல தடவை சேர்ந்து வந்தபின், ஒலியைக் கேட்டாலே உமிழ்நீர் சுரந்தது. அப்போது ஒலி ‘கற்ற தூண்டல்’ ஆகிவிட்டது. அதற்குச் சுரக்கும் உமிழ்நீர் ‘கற்ற துலங்கல்’.

அடுத்தது பூனை. 1898ல் அமெரிக்கரான எட்வர்ட் தார்ன்டைக் பசித்த பூனையை ஒரு கூண்டுக்குள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றையோ தாழையோ சரியாக அசைத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கீறியது, கடித்தது, கம்பிகளுக்கிடையே நுழையப் பார்த்தது. தற்செயலாகத் தாழில் கால்பட்டுக் கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் படிப்படியாகக் குறைந்தது. நல்ல விளைவைத் தந்த செயல் நிலைத்தது. பயன் தராத செயல்கள் உதிர்ந்தன. இந்த வழியில் மேலே போய், எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் பெட்டியை அமைத்தவர்தான் பி.எஃப்.ஸ்கின்னர். ‘ஆபரண்ட்’ என்ற பெயரும் அவர் வழங்கியதே.

அந்த ஒரே கேள்வி

இப்போது கேளுங்கள்: “அந்த விளைவு வருவதற்கு, விலங்கு ஏதாவது செய்தாக வேண்டுமா?”

பாவ்லோவின் நாய் உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வரும். நாயின் செயலுக்கும் உணவின் வரவுக்கும் தொடர்பில்லை. நாய் கற்பது, “இதற்குப் பின் இது வரும்” என்பதை. தார்ன்டைக்கின் பூனை தாழை அசைக்காவிட்டால் கதவு திறக்காது. பூனை கற்பது, “இதைச் செய்தால் இது நடக்கும்” என்பதை.

முதலாவது கிளாசிக்கல். இரண்டாவது ஆபரண்ட். “தானாக வருவது கிளாசிக்கல், விரும்பிச் செய்வது ஆபரண்ட்” என்றும் சொல்வார்கள். அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் குழப்பும் கேள்விகளில் மேலே சொன்ன கேள்விதான் கைகொடுக்கும்.

கார் கேள்விக்குத் திரும்புவோம். வாரை மாட்டாவிட்டால் ஒலி நிற்காது. செயல் இருந்தால்தான் விளைவு, ஆகவே ஆபரண்ட். அதிலும் இது எதிர்மறை வலுவூட்டல்.

இந்த ‘எதிர்மறை’ என்ற சொல்தான் அடுத்த பொறி. இது கெட்டது என்றோ தண்டனை என்றோ பொருள்படாது. ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது, அவ்வளவுதான். ‘நேர்மறை’ என்றால் ஏதோ ஒன்று சேர்க்கப்படுகிறது. வலுவூட்டல் என்றால் செயல் கூடுகிறது. தண்டனை என்றால் செயல் குறைகிறது. ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: சேர்த்தார்களா, நீக்கினார்களா? செயல் கூடியதா, குறைந்ததா? காரில் எரிச்சலூட்டும் ஒலி நீங்கியது, வாரை மாட்டும் செயல் கூடியது. எனவே எதிர்மறை வலுவூட்டல்.

என் சொந்தக் கதை

இந்த இரண்டும் தேர்வுத் தாளில்தான் தனித்தனியாக இருக்கின்றன. வாழ்க்கையில் கைகோத்தே வருகின்றன. எனக்கு இது புரிந்தது என் சொந்தப் பயத்தை வைத்துத்தான்.

உயர்நிலை இரண்டில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டேன். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்ததும் அது காதைக் கிழிப்பதுபோல் கீச்சிட்டது. நான் திடுக்கிட்டு முதல் வரியை மறந்தேன். மண்டபமே சிரித்தது. இதயம் படபடத்தது, தொண்டை வறண்டது. எப்படி இறங்கி வந்தேன் என்றே தெரியாது.

அதுவரை ஒலிவாங்கி எனக்கு ஒரு சாதாரணப் பொருள், நடுநிலைத் தூண்டல். அந்தக் கீச்சொலியும் சிரிப்பும்தான் படபடப்பை உண்டாக்கின. ஆனால் அன்றிலிருந்து ஒலிவாங்கியைப் பார்த்தாலே இதயம் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரே தடவை சேர்ந்து வந்ததே போதுமானதாக இருந்தது. பயம் போன்ற வலுவான உணர்ச்சிகளில் அப்படி நடக்கலாம். பிறகு அந்தப் பயம் ஒலிவாங்கியோடு நிற்கவில்லை. வகுப்பில் முன்னால் நிற்பதற்கும் பரவியது. ஒத்த தூண்டல்களுக்கும் துலங்கல் பரவுவதைப் ‘பொதுமையாக்கம்’ என்பார்கள். இதுவரை நடந்தது முழுக்க கிளாசிக்கல். சிரிப்பை வரவழைக்க நான் எதையும் செய்து பழகவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தது.

அடுத்த ஆண்டு வகுப்பில் வாய்மொழிப் படைப்பு ஒன்று இருந்தது. அன்று காலை, “அம்மா, வயிறு வலிக்குதும்மா” என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சரிடா, இன்னிக்குப் படுத்துக்கோ” என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட கணத்தில் படபடப்பு அப்படியே அடங்கியது. பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிதான் வினை. வயிற்றுவலி என்று சொன்னேன், பயம் நீங்கியது. சொல்லாதிருந்தால் நீங்கியிருக்காது. நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: இது ஆபரண்ட். ஒன்று நீங்கியது, செயல் கூடியது: எதிர்மறை வலுவூட்டல். இரண்டு ஆண்டுகளில் எனக்கு எத்தனை வயிற்றுவலி வந்தது என்று அம்மாவுக்கே கணக்கிருக்காது.

பயம் கிளாசிக்கல் வழியில் பிறக்கிறது, தவிர்த்தல் ஆபரண்ட் வழியில் நிலைக்கிறது என்ற இந்த விளக்கத்தை 1940களில் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹோபர்ட் மௌரர். இதற்கு ‘இரு காரணிக் கோட்பாடு’ என்று பெயர். பாவ்லோவின் நாய்க்கு உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் உமிழ்நீர் படிப்படியாகக் குறையும். இதற்கு ‘மறைதல்’ என்று பெயர். என் பயமும் அப்படி மறைந்திருக்கலாம். அதற்கு, சிரிப்பு இல்லாமல் ஒலிவாங்கியை நான் பலமுறை சந்தித்திருக்க வேண்டும். ஆனால் நான் சந்திக்கவே இல்லை. ஒவ்வொரு முறை தப்பித்தபோதும் தவிர்க்கும் பழக்கம் வலுத்தது, பயமோ தொடப்படாமல் அப்படியே இருந்தது.

எதை அவிழ்ப்பது?

கல்லூரியில் படைப்புக்கு மதிப்பெண் உண்டு, தப்பிக்க வழியில்லை. என் குழுவில் இருந்த இருவரிடம் உண்மையைச் சொன்னேன். காலியான வகுப்பறையில் ஒலிவாங்கியைப் பிடித்துப் படிப்பதில் தொடங்கினோம். பிறகு இருவர் முன், பிறகு ஐந்து பேர் முன். ஒரே விதி: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது இறங்கக்கூடாது, அது தணியும்வரை நிற்க வேண்டும். உச்சத்தில் இறங்கினால், இறங்கியதற்கு நிம்மதி என்ற பரிசு கிடைத்துவிடும். மறுபடியும் எதிர்மறை வலுவூட்டல்தான்.

ஐந்தாம் முறை குரல் நடுங்கவில்லை. பயம் போய்விட்டது என்று நினைத்தேன். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மீண்டும் படபடப்பு! மனம் உடைந்துபோனேன். பிறகுதான் பாடத்தில் படித்தேன்: மறைந்த துலங்கல் சிறிது இடைவெளிக்குப் பின் தானாகத் தலைதூக்குவதைப் பாவ்லோவும் தம் நாய்களிடம் கண்டிருந்தார். ‘தன்னியல்பு மீட்சி’ என்பது அதன் பெயர். மறைதல் பழைய கற்றலை அழிப்பதில்லை, அதன்மேல் புதிய கற்றலைப் போடுகிறது. இரண்டாம் சுற்றில் படபடப்பு முன்பைவிட விரைவாகத் தணிந்தது. (பயம் அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவில் இருந்தால் தனியாக முயல வேண்டாம்; பள்ளி ஆலோசகரிடம் செல்லுங்கள்.)

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபின் குமட்டல் வந்த ஒருவருக்கு, இப்போது மருத்துவமனை வாசலைக் கண்டாலே குமட்டுகிறது.

2. தாமதமாக வீடு திரும்பியதால் தம்பியின் கைப்பேசியை அப்பா ஒரு வாரம் வாங்கி வைத்துக்கொண்டார். தம்பி இப்போது நேரத்தோடு வருகிறான்.

3. புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பூனை, டின் திறக்கும் ஒலி கேட்டதும் ஓடி வருகிறது.

முதலாவது கிளாசிக்கல். குமட்டல் எதையும் பெற்றுத் தருவதில்லை. வாசலும் மருந்தும் சேர்ந்து வந்தன. இரண்டாவது ஆபரண்ட். பிடித்த பொருள் நீக்கப்பட்டது, தாமதம் குறைந்தது. எனவே எதிர்மறைத் தண்டனை. மூன்றாவதில் இரண்டும் உண்டு. ஒலி கேட்டதும் அதன் வாயில் உமிழ்நீர் ஊறினால் அது கிளாசிக்கல். ஓடி வந்தால்தான் உணவு கிடைக்கும் என்பதால் ஓடுவது ஆபரண்ட். இப்படிக் கேள்வி வந்தால், எந்தச் செயலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

சென்ற மாதம் பட்டப்படிப்புத் திட்டத்தை அரங்கில் படைத்தேன். ஒலிவாங்கி ஒருமுறை லேசாகக் கீச்சிட்டது. இதயம் துள்ளியது. நான் இறங்கவில்லை.