ஃபார்மட் செய்தால் எது போகிறது, எது நிற்கிறது

விண்டோஸை எந்தப் பார்ட்டிஷனில் போடுவது என்று கேட்கும் திரையில், பட்டியலுக்குக் கீழே Format என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வரும். சரி என்று சொன்ன சில நொடிகளில் வேலை முடிந்து, பார்ட்டிஷன் முழுக்கக் காலி என்று திரை காட்டும். 500 ஜிபி டிஸ்க்கைச் சில நொடிகளில் எப்படி அழிக்க முடியும்? அழிக்க முடியாது. இங்கே நடப்பது குவிக் ஃபார்மட். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் நிறுவல் திரைகளில் ஃபுல் ஃபார்மட் என்ற தேர்வே கிடையாது. பழைய எக்ஸ்பியின் நீலத் திரையில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருந்தன; ஒன்றின் முடிவில் (Quick) என்று போட்டிருக்கும். இப்போது அந்தத் தேர்வு கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது.

குவிக் ஃபார்மட் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். என்.டி.எஃப்.எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலின் பெயர், அளவு, டிஸ்க்கில் அது எங்கெங்கே கிடக்கிறது ஆகிய விவரங்கள் எம்.எஃப்.டி என்ற ஒரே பட்டியலில் இருக்கும். எந்த இடம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்பதற்கு இன்னொரு வரைபடம் உண்டு. குவிக் ஃபார்மட் புதிதாக ஒரு சிறிய எம்.எஃப்.டி எழுதுகிறது, வரைபடத்தில் எல்லா இடத்தையும் காலி என்று குறிக்கிறது, அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பதிவேடு திறந்தால் ஊரில் இருக்கும் வீடுகள் இடிந்துவிடுவதில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும். படங்களும் கடிதங்களும் கணக்குகளும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. பழைய எம்.எஃப்.டி பெரியதாக இருந்திருந்தால் அதன் வால்பகுதியும் அழியாமல் நிற்கும். அதனால்தான் மீட்பு மென்பொருள்களால் பல ஃபைல்களைப் பழைய பெயரோடும் பழைய ஃபோல்டரோடும் திரும்ப எடுக்க முடிகிறது.

அதன் மேல் விண்டோஸை நிறுவினால் நிலைமை கொஞ்சம் மாறும். புதிய விண்டோஸும் அதன் அப்டேட்களும் மெமரிக்குத் துணையாக அது ஒதுக்கிக்கொள்ளும் ஃபைல்களும் சேர்ந்து பல பத்து ஜிபியை மேலெழுதிவிடும். மேலெழுதப்பட்டது போனதுதான். 500 ஜிபி பார்ட்டிஷனில் இப்படி 40 ஜிபி போனாலும் மீதி 460 ஜிபி தொடப்படாமல் இருக்கிறது. தவறான பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே கணினியை நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு நிமிட ஓட்டமும் அந்த 460-ஐக் குறைக்கிறது. மீட்பு வேலையை அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துத்தான் செய்ய வேண்டும். மீட்பு மென்பொருளையே அதில் நிறுவிவிடக் கூடாது.

அதே டிஸ்க்கை விற்கப்போகிறவருக்கு இந்த நல்ல செய்தி கெட்ட செய்தி. எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலாட்டும் பழைய பொருள் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த டிஸ்க்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து கிடைத்த கிரெடிட் கார்டு எண்கள் 5,000-க்கும் மேல். இன்னொரு சோதனையும் செய்தார்கள். 10 ஜிபி டிஸ்க் ஒன்றை அடையாளம் தெரியும் எழுத்துகளால் நிரப்பி, விண்டோஸ் 98-ன் ஃபார்மட் கட்டளையை முழுமையாக ஓடவிட்டார்கள். ஃபார்மட் முடிந்தபின் பார்த்தால் மாறியிருந்தது டிஸ்க்கில் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். கவனியுங்கள், இது குவிக் ஃபார்மட் அல்ல. பல நிமிடம் ஓடிய நீண்ட ஃபார்மட்.

அத்தனை நேரம் அது என்னதான் செய்துகொண்டிருந்தது? படித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ஃபுல் ஃபார்மட் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை இனி யாரும் பயன்படுத்தாதபடி ஒதுக்கி வைக்கும். நல்ல இடத்தில் இருந்த பழைய தரவைத் தொடாது. எக்ஸ்பி வரை இதுதான் வழக்கம். 2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. அன்றிலிருந்து ஃபுல் ஃபார்மட் என்றால் பார்ட்டிஷன் முழுக்கச் சுழியம் எழுதுவது. ஹார்ட் டிஸ்க்கில் ஒருமுறை சுழியம் எழுதிய இடத்திலிருந்து பழைய ஃபைலை எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க முடியாது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்பதெல்லாம் பழங்காலத்து டிஸ்க்குகளைப் பற்றிய பேச்சு. ஆகவே "ஃபுல் ஃபார்மட் செய்தாலும் மீட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், எந்த விண்டோஸில் செய்தது என்று கேட்க வேண்டும். எக்ஸ்பி என்றால் அவர் சொல்வது உண்மை. விண்டோஸ் 7, 10, 11 என்றால் இல்லை.

பழுதான செக்டார்களின் விஷயத்திலும் இந்த மாற்றம் பெரிய வேறுபாட்டைக் கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கிறது; அதன் கையிருப்பில் மாற்றுச் செக்டார்கள் உண்டு. ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் போனால் டிஸ்க் அதை உடனே மாற்றிவிடாது. பழைய தரவு ஒருவேளை இன்னொரு முயற்சியில் கிடைக்கலாம் என்பதால், "தீர்ப்புக்குக் காத்திருப்பது" என்று குறித்துவைக்கும். அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுதச் சொல்லும்போதுதான் தீர்ப்பு வரும். எழுத்து நன்றாகப் பதிந்தால் அந்தச் செக்டார் குற்றமற்றது. பதியாவிட்டால் கையிருப்பிலிருந்து ஒரு நல்ல செக்டார் அதன் இடத்துக்கு வரும். படித்து மட்டும் பார்த்த எக்ஸ்பி ஃபார்மட்டால் இந்தத் தீர்ப்பை வரவழைக்க முடியவில்லை. சந்தேகத்துக்குரிய இடத்தை ஒதுக்கி மட்டும் வைத்தது. எழுதிப் பார்க்கும் இன்றைய ஃபுல் ஃபார்மட் ஒவ்வொரு செக்டாரையும் தீர்ப்புக்கு இழுக்கிறது. குவிக் ஃபார்மட்டோ அவற்றின் பக்கமே போவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. ஆறு வருடம் ஓடிய மடிக்கணினி, உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். மெதுவாகிவிட்டது, சில படங்கள் திறக்கவில்லை, விண்டோஸை மறுபடி போடலாம் என்று முடிவாகிறது. தரவை வெளியே எடுத்து வைத்தபின், பழைய விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒரு கருவியில் டிஸ்க்கின் நிலையைப் பார்க்க வேண்டும். மஞ்சளில் Caution என்று வருகிறது. C5 என்ற வரி தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. அதில் 18 என்று இருக்கிறது. இந்தக் கருவி வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதால் உண்மையில் அது 24. ஏற்கெனவே மாற்றப்பட்டவற்றைச் சொல்லும் 05 என்ற வரியில் சுழியம்.

இந்த டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் செய்து விண்டோஸைப் போட்டால் பெரும்பாலும் நிறுவல் தடையின்றி முடிந்துவிடும். ஏனென்றால் நிறுவல் என்பது எழுதும் வேலை. எழுதும்போது டிஸ்க் சிக்கலை உள்ளுக்குள் சமாளித்துக்கொள்ளும். தொந்தரவு பின்னால், படிக்கும்போது வரும். Event Viewer-ல் disk என்ற பெயரில், Event ID 7 என்ற எண்ணோடு, டிஸ்க்கில் has a bad block என்ற செய்தி தென்பட ஆரம்பிக்கும். கணினி சில நொடிகள் உறைந்து நிற்கும். விண்டோஸ் சரியில்லை என்று மறுபடி குவிக் ஃபார்மட் செய்து போடுவார்கள். குறை அடியில் அப்படியே இருக்கும்.

ஃபுல் ஃபார்மட் செய்ய வேண்டுமானால் நிறுவல் திரையில் Shift+F10 அழுத்த வேண்டும்; கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் வரிசையாக:

```
diskpart
list disk
select disk 0
list partition
select partition 4
format fs=ntfs label=Windows
```

0, 4 என்ற எண்கள் இந்த எடுத்துக்காட்டுக்கு உரியவை. உங்கள் திரையில் பட்டியல் காட்டும் அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். யூ.எஸ்.பி டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வரும். முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள். கடைசி வரியில் quick என்று சேர்க்காததால் இது ஃபுல் ஃபார்மட். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி எழுத மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சார்ஜர் செருகியிருக்கட்டும். சதவீதம் ஒரே சீராக ஏறாமல் ஓரிடத்தில் நெடுநேரம் நின்று நின்று நகர்ந்தால், அந்தப் பகுதியில் டிஸ்க் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

முடிந்தபின் exit கொடுத்து, நிறுவல் திரையில் Refresh அழுத்தி, அந்தப் பார்ட்டிஷனில் விண்டோஸைப் போட்டுவிட்டு மறுபடி அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். C5 சுழியமாகி, 05-ம் சுழியமாகவே இருந்தால் 24 செக்டார்களும் நல்லவை. என்றோ மின்சாரம் போன நேரத்தில் எழுத்து அரைகுறையாக நின்றிருக்கலாம். C5 சுழியமாகி, 05 ஏறியிருந்தால் மாற்றுச் செக்டார்கள் வந்துவிட்டன. டிஸ்க் ஓடும், ஆனால் முக்கியமான எதற்கும் அது ஒரே இருப்பிடமாக இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கையில் இரண்டு எண்களும் மறுபடி ஏறியிருந்தால் மேற்பரப்பு கெட்டுக்கொண்டே வருகிறது. எந்த ஃபார்மட்டும் அதைக் குணப்படுத்தாது. டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. ஃபுல் ஃபார்மட்டைச் சிகிச்சையாக நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அது பரிசோதனைதான். தளர்ந்துபோன டிஸ்க்குக்கு அதுவே கடைசிச் சுமையாகவும் ஆகலாம். தரவை வெளியே எடுக்காமல் அதைத் தொடங்கவே கூடாது.

இதுவரை சொன்னது சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு. எஸ்.எஸ்.டி.யில் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல், எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மட் செய்தாலோ பார்ட்டிஷனை நீக்கினாலோ "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று ட்ரிம் என்ற கட்டளை டிரைவுக்குப் போகிறது. அதன்பின் டிரைவ் அந்தப் பகுதிகளைத் தானே துடைத்துக்கொள்ளும். படித்துப் பார்த்தால் பெரும்பாலும் சுழியம்தான் வரும். தவறுதலாகக் குவிக் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து திருமணப் படங்களை மீட்டுக் கொடுத்த அதே கடைக்காரர், எஸ்.எஸ்.டி.யைப் பார்த்துக் கைவிரிப்பதற்கு இதுதான் காரணம். அவர் திறமையில் குறையில்லை.

எஸ்.எஸ்.டி.யில் ஃபுல் ஃபார்மட் செய்வதால் பயன் குறைவு. எழுதுந்தோறும் தேயும் சில்லுகளில் முழு அளவுக்குச் சுழியம் எழுதுவது வீண் தேய்மானம்; டிரைவ் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் பகுதியை அது எட்டவும் எட்டாது. விற்கும் முன் துடைக்க வேண்டுமானால், தயாரிப்பு நிறுவனம் தரும் கருவியிலோ சில கணினிகளின் பயாஸிலோ உள்ள Secure Erase-ஐப் பயன்படுத்தலாம். அது டிரைவுக்கே உத்தரவு கொடுப்பதால் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையும் சேர்த்து, பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடித்துவிடும்.